பகல் நீளத்தின் அலை: படத்தைப் பார்த்துச் சமன்பாடு எழுதுவோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஒரத்தநாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகல் 12 மணி 45 நிமிடம். மிகக் குறுகிய பகல் 11 மணி 30 நிமிடம். ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு நாளின் பகல் நீளத்தையும் புள்ளியாக வைத்து இணைத்தால் ஒரு சைன் அலை கிடைக்கும். பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி அதை வரைந்து, செல்போனில் படம் எடுத்து, இரவு எட்டு மணிக்கு எனக்கு அனுப்பினாள். நமது ஊரின் அட்சரேகையான 10.6 டிகிரிக்குச் சூரிய உதயத்தையும் மறைவையும் கணக்கிட்டு எடுத்த எண்கள் அவை. கீழே அவள் எழுதியிருந்த விடை: வீச்சு 765, காலம் 288, கட்ட நகர்வு 172.

மூன்றும் தவறு. ஆனால் மூன்றும் மூன்று வகைத் தவறு. வீச்சில் அச்சைக் கவனிக்கவில்லை. காலத்தில் படம் அவளை ஏமாற்றிவிட்டது. கட்ட நகர்வில் எண் சரி, அதை வைத்த இடம் சரியில்லை. பல ஆண்டுகளாக மாணவர்கள் அனுப்பும் படங்களில் இந்த மூன்றையும் மாறி மாறிப் பார்த்து வருகிறேன். அவளுடைய அந்த ஒரு தாளை வைத்தே சொல்கிறேன்.

தாளின் விவரம் இது. வரைபடத்தாளைக் குறுக்காகப் பிடித்திருந்தாள். கிடை அச்சில் 1 செ.மீ. = 20 நாள்; ஜனவரி 1 நாள் எண் 1, டிசம்பர் 31 நாள் எண் 365. செங்குத்து அச்சில் 1 செ.மீ. = 10 நிமிடம்; அச்சு 680 நிமிடத்தில் தொடங்கி 780-இல் முடிகிறது.

படம் எடுக்கும்போது

செய்ய வேண்டியது: தாளை மேசையில் படுக்க வைத்து, போனைத் தாளுக்கு இணையாக, நேர் மேலே பிடியுங்கள். கொஞ்சம் உயரத்தில் நின்று பெரிதாக்கி எடுப்பது, கிட்டே போய் எடுப்பதைவிட நல்லது. கிட்டே போனால் ஓரக் கோடுகள் வளைந்து விழும். போனில் ஆவணங்களை ஸ்கேன் செய்யும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தாளின் நான்கு மூலைகளையும் பிடித்து அதுவே நிமிர்த்திக் கொடுத்துவிடும்.

செய்யக்கூடாதது: பக்கவாட்டில் உட்கார்ந்தபடி எடுத்த படத்தில் ஸ்கேல் வைக்காதீர்கள். மாணவியின் முதல் படம் அப்படித்தான் இருந்தது. டியூப் லைட்டின் நிழல் தாளில் விழுகிறதே என்று இடப்பக்கம் சாய்ந்து எடுத்திருக்கிறாள். இடது ஓரம் கேமராவுக்குக் கிட்டே, வலது ஓரம் தள்ளி. கணினியில் அளந்தால் இடது கோடியில் ஒரு செ.மீ. கட்டம் 120 பிக்சல் அகலம், வலது கோடியில் அதே கட்டம் 85 பிக்சல் அகலம். உச்சியிலிருந்து அடிவரை கிடையாக 863 பிக்சல் வந்தது. அவள் இடப்பக்கத்து அளவான 120-ஆல் வகுத்தாள்: 7.2 செ.மீ., அதாவது 144 நாள், இரட்டித்தால் 288. ஆண்டுக்கு 288 நாள் என்று விடை வந்தபோதே அவளுக்கு உறுத்தியிருக்கிறது. கணக்கு அப்படித்தானே வருகிறது என்று அனுப்பிவிட்டாள்.

படம் கோணியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். இடது கோடியில் ஒரு கட்டத்தையும் வலது கோடியில் ஒரு கட்டத்தையும் அளந்து பாருங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்றும் அளந்து பாருங்கள். நான்கும் ஒன்றாக இருந்தால் படம் நம்பத்தக்கது. இல்லையென்றால் அளப்பதை விட்டுவிட்டுக் கட்டங்களை எண்ணுங்கள். படம் எவ்வளவு கோணினாலும் கட்டங்களின் எண்ணிக்கை மாறாது. உச்சி எட்டாவது கட்டம் தாண்டி மூன்று சிறு பிரிவு தள்ளி இருந்தால், கோணிய படத்திலும் அங்கேயேதான் இருக்கும். புத்தகத்தை விரித்து எடுத்த படத்திலும் இதே தொல்லை வரும். நடுத் தையலுக்குப் பக்கத்தில் தாள் உள்ளே வளைந்து கட்டங்கள் நெருங்கிவிடும். அங்கேயும் எண்ணுவதுதான் வழி.

செய்ய வேண்டியது: அச்சின் எண்களும் தலைப்பும் படத்துக்குள் வந்தனவா என்று பாருங்கள். அலை மட்டும் அழகாகத் தெரிய வேண்டும் என்று ஓரங்களை வெட்டிவிடுகிறார்கள். எண்கள் இல்லாத அலைக்குச் சமன்பாடே கிடையாது. இயற்பியல் ஆய்வகத்தில் அலைவுநோக்கியின் திரையைப் படம் எடுப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். அந்தத் திரையில் வெறும் கட்டங்கள்தான் இருக்கும். ஒரு கட்டத்துக்கு எத்தனை மில்லி விநாடி, எத்தனை வோல்ட் என்பது குமிழிலோ திரையின் ஓரத்திலோ இருக்கும். அதுவும் படத்தில் விழ வேண்டும்.

அளவுகோல்: எதையும் படிக்கும் முன்

அன்று அவளை மறுபடி எடுக்கச் சொன்னேன். இரண்டாவது படம் நேராக வந்தது. கணினியில் சாதாரணப் பெயிண்ட் செயலியில் திறந்து, சுட்டியை வைத்த இடத்தின் பிக்சல் எண்ணைக் கீழே பார்த்துக் குறித்தோம்.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு அச்சிலும் எண் தெரிந்த இரண்டு குறிகளை எடுத்து, அவற்றின் பிக்சல் எண்களை முதலில் எழுதுங்கள். இரண்டும் அச்சின் இரு கோடிகளில் இருக்கட்டும். பக்கத்துப் பக்கத்துக் குறிகளை எடுத்தால் சுட்டியின் சிறு பிசகும் பெரிதாகிவிடும். எங்களுக்குக் கிடைத்தவை இவை. கிடை அச்சில் 0 என்ற குறி 210-ஆவது பிக்சல், 365 என்ற குறி 2035-ஆவது பிக்சல். வித்தியாசம் 1825, 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 5 பிக்சல். செங்குத்து அச்சில் 680 என்ற குறி 1480, 780 என்ற குறி 480. வித்தியாசம் 1000, நிமிடத்துக்கு 10 பிக்சல். இரு பக்கமும் ஒரு செ.மீ.க்கு 100 பிக்சல் வருகிறது; ஆகவே கட்டம் சதுரமாக இருக்கிறது, படம் கோணவில்லை.

செய்யக்கூடாதது: பிக்சல் எண் கீழிருந்து மேலாகக் கூடும் என்று நினைக்காதீர்கள். திரையில் பூச்சியம் இடது மேல் மூலையில் இருக்கிறது. கீழே போகப் போக எண் கூடும். அதனால்தான் மேலே உள்ள 780-க்குச் சிறிய எண்ணும் கீழே உள்ள 680-க்குப் பெரிய எண்ணும் வந்தன. இதை மறந்தால் அலை தலைகீழாகிவிடும். டிசம்பரில் நீண்ட பகல் வரும்.

வீச்சு

செய்யக்கூடாதது: உச்சியின் உயரத்தை வீச்சு என்று எழுதாதீர்கள். மாணவி 765 என்று எழுதியது இதனால்தான். பாடப்புத்தகத்தில் முதலில் வரும் சைன் அலை கிடை அச்சின் மேலும் கீழும் சமமாக ஏறி இறங்குகிறது. அங்கே உச்சியின் எண்ணும் வீச்சும் ஒன்றுதான். அந்தப் பழக்கம் கையில் ஒட்டிக்கொள்கிறது. இந்த அலை அச்சைத் தொடுவதே இல்லை. தாளின் அடிக்கோடு 680, பூச்சியம் அன்று. அதையும் பலர் கவனிப்பதில்லை. அடிக்கோட்டிலிருந்து உச்சிவரை அளந்து 85 என்று எழுதுபவர்களும் உண்டு.

செய்ய வேண்டியது: முதலில் நடுக்கோட்டைக் கண்டுபிடித்துப் படத்தின் மேலேயே வரையுங்கள். உச்சி 630-ஆவது பிக்சலில், அதாவது 765 நிமிடத்தில். அடி 1380-ஆவது பிக்சலில், அதாவது 690 நிமிடத்தில். கூட்டிப் பாதியாக்கினால் 727.5 நிமிடம், இதுதான் நடுக்கோடு. கழித்துப் பாதியாக்கினால் 37.5 நிமிடம், இதுதான் வீச்சு. நடுக்கோட்டை வரைந்துவிட்டால் வீச்சு மட்டும் அன்றி, அடுத்து வரும் காலமும் கட்ட நகர்வும்கூட அந்தக் கோட்டிலிருந்தே படிக்கப்படும். அதனால் அதைப் பென்சிலால் சரியாக இழுக்கச் சொல்கிறேன்.

நடுக்கோடு 12 மணிக்குச் சமமான 720-இல் இல்லாமல் ஏழரை நிமிடம் மேலே இருப்பதைப் பார்த்து மாணவி, "தப்பா வரைஞ்சிட்டேனா சார்?" என்றாள். தப்பில்லை. சூரியனின் மேல் விளிம்பு தெரிந்தவுடன் உதயம் என்கிறோம். மேல் விளிம்பு மறைந்த பிறகே மறைவு என்கிறோம். அதோடு, காற்று ஒளியை வளைப்பதால் சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டும் சேர்ந்து பகலை ஏழு நிமிடம் நீட்டுகின்றன. படத்தில் 727.5 என்றால் 727.5 என்றே எழுத வேண்டும். 720-ஆக இருந்திருக்க வேண்டும் என்று நாமே திருத்தக்கூடாது.

செய்ய வேண்டியது: வீச்சுக்கு அலகு எழுதுங்கள். பஞ்சாங்கத்தில் பகற்பொழுதை நாழிகையில் தருவார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். இதே அலையை நாழிகையில் வரைந்தால் வீச்சு 37.5 அன்று, ஒன்றரைக்குச் சற்று மேல். காலமும் கட்ட நகர்வும் அப்படியே இருக்கும்.

காலம்

செய்ய வேண்டியது: முடிந்தால் முழுச் சுற்றை அளவிடுங்கள்; அலை மேலேறும்போது நடுக்கோட்டை வெட்டும் இடத்திலிருந்து, அடுத்த முறை மேலேறும்போது வெட்டும் இடம் வரை. எங்கள் தாளில் ஒரே ஆண்டுதான் இருந்தது. அதனால் பாதியை அளந்து இரட்டிக்க வேண்டியிருந்தது. உச்சி 1070-ஆவது பிக்சலில், அடி 1985-ஆவது பிக்சலில். வித்தியாசம் 915 பிக்சல், 183 நாள். இரட்டித்தால் 366. ஆண்டு 365 நாள் என்பது நமக்குத் தெரியும். அளவையில் ஒரு நாள் பிசகு, ஏற்கலாம்.

ஆனால் நடுக்கோட்டை வெட்டும் இடங்களை வைத்துப் பாதியை அளந்தபோது வேறு எண் வந்தது. மேலேறும்போது 80-ஆம் நாள், இறங்கும்போது ஏறத்தாழ 265-ஆம் நாள். 185 நாள் இடைவெளி, இரட்டித்தால் 370. இது மாணவியின் கைப்பிழை அன்று. பூமி சூரியனைச் சுற்றும் பாதை வட்டமாக இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமாகப் போகிறது. ஜூலை முதல் வாரத்தில் தள்ளிப்போய் மெதுவாக நகர்கிறது. அதனால் கோடைப் பாதி கொஞ்சம் நீளம், குளிர்ப் பாதி கொஞ்சம் குறைவு. மார்ச் மாதச் சம இரவு நாளிலிருந்து செப்டம்பர் மாதச் சம இரவு நாள் வரை 186 நாள். அங்கிருந்து அடுத்த மார்ச் வரை 179 நாள்தான்.

செய்யக்கூடாதது: ஒரு பாதியை மட்டும் அளந்து இரட்டித்து, இதுதான் காலம் என்று முடித்துவிடாதீர்கள். அலை உண்மையிலேயே சைன்தானா என்பதற்கான சோதனையும் இதுவே. மேல் பாதியையும் கீழ் பாதியையும் தனித்தனியாக அளவிடுங்கள். சமமாக இருந்தால் சைன் என்று சொல்லலாம். இங்கே போலச் சற்று வேறுபட்டால், சைன் இதற்கு நெருக்கமான வடிவம் என்று அறிந்து எழுதலாம். பெரிதும் வேறுபட்டால் இந்தச் சமன்பாட்டை எழுதவே வேண்டாம்.

செய்யக்கூடாதது: காலத்தை அப்படியே சைனுக்குள் போடாதீர்கள். உள்ளே வரும் பெருக்கு எண் 365 அன்று. ஒரு முழுச் சுற்றான 2π-யை 365-ஆல் வகுத்த எண். டிகிரியில் எழுதினால் 360-ஐ 365-ஆல் வகுக்க வேண்டும். நாளுக்கு ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் விடையைச் சரிபார்க்க எளிது.

கட்ட நகர்வு

பிழை அதிகம் நேர்வது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது: அலை மேலேறிக்கொண்டே நடுக்கோட்டை வெட்டும் இடத்தைப் படியுங்கள். சைன் அலை பிறக்கும் இடம் அதுதான். எங்கள் படத்தில் 610-ஆவது பிக்சல். 210-ஐக் கழித்து 5-ஆல் வகுத்தால் 80. எண்பதாம் நாள் என்பது மார்ச் 21. அந்த எண்ணைத்தான் சைனுக்குள் போட வேண்டும்:

```
y = 37.5 sin( (2π/365)(x − 80) ) + 727.5
```

இதில் x நாள் எண். y நிமிடத்தில் பகல் நீளம்.

செய்யக்கூடாதது: உச்சியின் இடத்தைச் சைனின் கட்ட நகர்வாக எழுதாதீர்கள். மாணவியின் 172 அதுதான். 172-ஆம் நாள், ஜூன் 21, உச்சி என்பது சரி. ஆனால் உச்சியில் தொடங்குவது கொசைன். 172-ஐ வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் சைனை மாற்ற வேண்டும்:

```
y = 37.5 cos( (2π/365)(x − 172) ) + 727.5
```

இதுவும் சரியான விடைதான். இரண்டுக்கும் இடையே ஒரு நாளுக்கும் குறைவான வேறுபாடு இருக்கிறது. அளவையின் பிசகுக்குள் அது அடங்கிவிடும். ஒரே அலைக்குப் பல சமன்பாடுகள் எழுதலாம். 80-க்குப் பதில் ஒரு முழுச் சுற்றைக் கழித்து −285 என்று எழுதினாலும் அலை மாறாது. பக்கத்து மாணவரின் விடை வேறாக இருந்தால் உடனே தவறு என்று அடிக்காதீர்கள். ஒரு நாளை இரண்டிலும் போட்டுப் பாருங்கள்.

கொசைன் எளிது, உச்சி கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறதே என்று சிலர் கேட்பார்கள். உச்சியின் உயரம் பளிச்சென்று தெரியும். உச்சியின் இடம் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உச்சியிலிருந்து பத்து நாள் முன்னே பின்னே போனால் பகல் அரை நிமிடம்தான் குறைகிறது. இந்தத் தாளில் அது அரை மில்லிமீட்டர். பென்சில் கோட்டின் தடிமனே அவ்வளவு. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 உச்சிக்கு ஒன்பது நாள் முன்பு. அந்த நாளின் புள்ளியும் உச்சியின் புள்ளியும் ஒரே கோட்டில் இருப்பது போலத்தான் படத்தில் தெரியும். நடுக்கோட்டில் கதை வேறு. அங்கே பத்து நாளில் ஆறு நிமிடத்துக்கு மேல் மாறுகிறது. தாளில் ஆறு மில்லிமீட்டருக்கு மேல். அங்கே ஒரு நாள் பிசகுகூடக் கண்ணுக்குத் தென்படும். ஆகவே வீச்சை உச்சியிலும் அடியிலும் படியுங்கள், இடத்தை நடுக்கோட்டில் படியுங்கள்.

செய்யக்கூடாதது: அலை வலப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதற்காகக் கூட்டல் குறி போடாதீர்கள். கை தானாகவே கூட்டல் போடும். 80 நாள் தாமதமாகப் பிறக்கும் அலைக்கு x − 80. x-க்கு 80 போட்டால் அடைப்புக்குறிக்குள் பூச்சியம் வர வேண்டும், அப்போதுதான் சைன் அங்கே பிறக்கும். இதை நினைவில் வைத்தால் குறி தவறாது.

செய்யக்கூடாதது: நாளில் உள்ள நகர்வையும் கோணத்தில் உள்ள கட்டத்தையும் ஒன்றென நினைக்காதீர்கள். பதினோராம் வகுப்பு இயற்பியலில் அலைவுகள் பாடத்தில் அடைப்பை விரித்த வடிவில் எழுதுவார்கள். நம் அலையை அப்படி எழுதினால்:

```
y = 37.5 sin( 2πx/365 − 1.377 ) + 727.5
```

இந்த 1.377 நாள் அன்று. 80-ஐ 2π/365-ஆல் பெருக்கிய ரேடியன். டிகிரியில் ஏறத்தாழ 79. கணக்குப் பாடத்தில் கட்ட நகர்வு கேட்டால் 80 நாள்; இயற்பியலில் தொடக்கக் கட்டம் கேட்டால் −1.377 ரேடியன். கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்து எழுதுங்கள். இரண்டையும் கலந்து, 2π/365-ஐ வெளியே எடுத்து உள்ளே x − 1.377 என்று எழுதுவதைத் தேர்வுத்தாள்களில் அடிக்கடி பார்க்கிறேன். அப்படி எழுதினால் அலை ஜனவரி 1-ஆம் தேதிக்குப் பக்கத்திலேயே பிறந்துவிடும்.

நாள் வேறு, கோணம் வேறு என்பதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மும்முனை மின்சாரத்தைக் காட்டித்தான் விளக்குவேன். பம்ப்செட்டுக்கு வரும் மூன்று கம்பிகளிலும் ஒரே வீச்சு. ஒரே காலம், 20 மில்லி விநாடி. ஒன்றுக்கொன்று 120 டிகிரி பின்தங்கி வருகின்றன. நேரத்தில் அது 6.67 மில்லி விநாடி. 120-ம் 6.67-ம் ஒரே நகர்வின் இரண்டு பெயர்கள். ஏதாவது இரண்டு கம்பிகளை மாற்றி மாட்டினால் பின்தங்கும் வரிசை மாறி மோட்டார் எதிர்ப்புறம் சுற்றும். குறி மாறினால் என்ன ஆகும் என்று அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

எழுதிய பிறகு

செய்ய வேண்டியது: சமன்பாடு எழுதப் பயன்படுத்தாத ஒரு புள்ளியில் சரிபாருங்கள். உச்சியிலும் அடியிலும் போட்டுப் பார்ப்பது போதாது. அவற்றிலிருந்துதானே எண்களை எடுத்தோம். நாங்கள் பொங்கலையும் ஆடிப்பெருக்கையும் எடுத்துக்கொண்டோம். ஜனவரி 15-க்கு x = 15. அடைப்புக்குள் −65 நாள், கோணம் −64.1 டிகிரி, சைன் −0.90. வீச்சால் பெருக்கி நடுக்கோட்டோடு சேர்த்தால் 693.8 நிமிடம், அதாவது 11 மணி 34 நிமிடம். உதய, மறைவு அட்டவணையிலும் அதே 11 மணி 34 நிமிடம்தான். ஆகஸ்ட் 3-க்கு x = 215; சமன்பாடு 12 மணி 35 நிமிடம் தருகிறது, அட்டவணை 12 மணி 34 நிமிடம். குறி தவறி x + 80 என்று எழுதியிருந்தால் ஆகஸ்ட் 3-ஆம் தேதிக்கு 11 மணி 32 நிமிடம் வந்திருக்கும்; ஆடி மாதத்தில் மார்கழிப் பகல். அங்கேயே பிழை பிடிபட்டுவிடும்.

செய்யக்கூடாதது: கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று பாராமல் போடாதீர்கள். 2π போட்டு டிகிரி முறையில் கணக்கிட்டால் எல்லா நாளுக்கும் 726 முதல் 731 வரை என்று நடுக்கோட்டை ஒட்டியே விடை வரும். விடைகள் அதிகம் அசையாமல் நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஜியோஜீப்ரா வைத்திருப்பவர்கள் படத்தை உள்ளே ஏற்றி, அதன் மூலைகளை அச்சின் எண்களில் பொருத்தி, சமன்பாட்டை அதன் மேலேயே வரையலாம்:

```
f(x) = 37.5 sin(2π/365 (x - 80)) + 727.5
```

கோடு கோட்டின் மேல் உட்கார வேண்டும். எங்கள் படத்தில் இலையுதிர் பக்கத்தில் மட்டும் ஒரு நூல் விலகி நின்றது. காலத்தைப் பற்றிப் பேசியபோது சொன்ன அந்தக் கோடைப் பாதியின் நீட்சி அது.

செய்ய வேண்டியது: சமன்பாட்டைத் திருப்பிப் படிக்கும்போது இரண்டு விடைகள் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். பகல் எப்போது 12 மணி நேரத்துக்குக் கீழே போகிறது என்று மாணவி கேட்டாள். கேள்வி வந்தது அவள் வீட்டு வயலிலிருந்து. பழைய நீண்ட காலச் சம்பா ரகங்கள் பல, எப்போது நட்டாலும் பகல் குறுகிய பிறகே கதிர் பிடிக்கும் என்று அவளுடைய தாத்தா சொல்லியிருக்கிறார். பயிரின் அந்த இயல்பு உண்மைதான். 720 = 727.5 − 7.5, ஆகவே சைன் −0.2. கால்குலேட்டர் தருவது −11.5 டிகிரி. அதை அப்படியே எடுத்தால் 68-ஆம் நாள், மார்ச் 9. பகல் வளர்ந்துகொண்டு 12 மணியைத் தாண்டும் நாள் அது. நமக்கு வேண்டியது இறங்கும் பக்கம். 180-உடன் 11.5-ஐக் கூட்டி 191.5 டிகிரி, 194 நாள், 80-ஐச் சேர்த்தால் 274. அக்டோபர் 1. பன்னிரண்டாம் வகுப்பில் நேர்மாறு சைனின் வீச்சகம் −90 முதல் 90 டிகிரி வரைதான் என்று படிப்பது இந்த இடத்துக்காகத்தான். எந்தப் பக்கம் வேண்டும் என்று கால்குலேட்டருக்குத் தெரியாது, படம்தான் சொல்ல வேண்டும்.

அட்டவணையில் அந்த நாள் மூன்று நான்கு நாள் தள்ளி இருக்கிறது. பகல் நீளத்தில் இரண்டு நிமிடப் பிசகு, நாளில் நான்காகத் தெரிகிறது. பகல் நீளத்தைக் கேட்டால் இந்தச் சமன்பாடு இரண்டு மூன்று நிமிடத்துக்குள் சரியாகச் சொல்லும். தேதியைக் கேட்டால் ஒரு வாரம் முன்பின் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

செய்யக்கூடாதது: இந்தச் சமன்பாட்டை வேறு ஊருக்கு அப்படியே எழுதாதீர்கள். காலம் எங்கும் 365. வடக்கே எங்கு போனாலும் நகர்வும் 80 நாளுக்குப் பக்கத்தில்தான். வீச்சு மட்டும் அட்சரேகையோடு மாறுகிறது: யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 34 நிமிடம், சென்னையில் 46, டெல்லியில் 110-ஐ ஒட்டி. பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் அலை அரை ஆண்டு நகர்ந்துவிடும். மறுநாள் மாணவி டெல்லிக்கும் அதே தாளில் வரைந்து பார்த்தாள். 780-இல் முடியும் அச்சில் அலையின் தலை தாளுக்கு வெளியே போய்விட்டது. புதுத் தாள் எடுத்து, 1 செ.மீ. = 20 நிமிடம் என்று அளவை மாற்றி, அச்சை 600-இல் தொடங்கி 860 வரை எழுதிக்கொண்டாள். இந்த முறை படத்தை மேசைக்கு நேர் மேலே நின்றுதான் எடுத்திருந்தாள்.